என் லிஸ்டிங்கில் வேறொருவர் மட்டமான பர்ஸ் விற்கிறார், என்ன செய்வது?

"பேரணாம்பட்டில் தோல் பர்ஸ் செய்து அமேசானில் விற்கிறேன். இன்னொருவர் என் லிஸ்டிங்கிலேயே ரெக்சின் பர்ஸைச் சேர்த்து 80 ரூபாய் குறைவாக விற்கிறார். ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள் எனக்கு விழுகின்றன."

முதலில் விலையைக் குறைக்காதீர்கள். ரெக்சின் விலைக்குத் தோல் ஈடுகொடுக்காது.

அந்த விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, வேறு கணக்கிலிருந்து ஒரு பர்ஸ் வாங்குங்கள். ஓரத்தை வெட்டினால் தோலில் நார் தெரியும், ரெக்சினில் அடியில் துணி தெரியும். அதை உங்கள் பர்ஸோடு வைத்துப் படமெடுத்து, ஆர்டர் எண்ணோடு புகார் கொடுங்கள். "லிஸ்டிங்கில் தோல் என்றிருக்கிறது, வந்தது ரெக்சின்" என்ற ஒரே வரி போதும். "என் லிஸ்டிங்கில் விற்கிறார்" என்பது மட்டும் எடுபடாது. லிஸ்டிங் பொதுவானது, அதே பொருளை யாரும் விற்கலாம்.

நிரந்தர வழி டிரேட்மார்க். தோல் பொருட்களுக்கு வகுப்பு 18. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். அதை வைத்து அமேசானின் பிராண்டு பதிவுத் திட்டமான Brand Registry-யில் சேரலாம். பெயரைப் பர்ஸிலேயே அச்சு குத்தி, அது தெரியும்படி லிஸ்டிங் படத்தை மாற்றுங்கள். அச்சில்லாத சரக்கு வேறு பொருள் என்று அப்போது படமே காட்டிவிடும்.

ரிவ்யூ விஷயம்தான் கசப்பு. அவர் போனாலும் அவை தானாகப் போகாது. ரெக்சின் படத்தோடு உள்ளவற்றை மட்டும் தனித்தனியாக ரிப்போர்ட் செய்து பாருங்கள்.