நாற்பது பக்க ரிஸ்க்கில் எதைப் படிப்பது?

"ஐயா, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். காற்றாலை உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஐபிஓவுக்கு ஒரு லாட் போடச் சொல்கிறான் அண்ணன் மகன். பிராஸ்பெக்டஸைத் திறந்தால் ரிஸ்க் மட்டுமே நாற்பது பக்கம். அதைப் படித்தால் எந்தக் கம்பெனியிலும் பணம் போட முடியாது போலிருக்கிறது. இதில் எதைப் பார்ப்பது?"

நாற்பது பக்கமும் உங்களுக்காக எழுதியது இல்லை. 'முன்னாலேயே சொல்லவில்லையே' என்று நாளைக்கு யாரும் வழக்குப் போடக் கூடாது என்பதற்காக வக்கீல்கள் அடுக்குவது பாதி. மழை பொய்த்தால், சட்டம் மாறினால், போர் வந்தால் என்று வரும் பத்திகளில் கம்பெனியின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. அவற்றைத் தாண்டிப் போங்கள்.

முக்கியமான ரிஸ்க் முதலில் வர வேண்டும், அதன் விளைவைக் கணக்கிட முடிந்தால் தொகையாகவே சொல்ல வேண்டும் என்பது செபியின் 2018 விதி. அதனால் முதல் பத்துப் பதினைந்து பத்திகளை நிதானமாகப் படியுங்கள். படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'நேரலாம்' என்றால் ஊகம். 'கடந்த காலத்தில் நேர்ந்திருக்கிறது' என்றால் அது நடந்துமுடிந்த கதை. பிடிஎஃபில் `in the past` என்று தேடினால் இந்த இடங்களில் பல மாட்டிவிடும்.

நீங்கள் கம்பெனி பெயர் எழுதவில்லை. அதனால் கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் பத்தி: வருமானத்தில் 62 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. (பெயர் இருக்காது, 'வாடிக்கையாளர் 1' என்றுதான் பல நேரம் போடுவார்கள்.) நான்காவது பத்தி: எங்கள் தொழிலுக்கு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டும் பணம், நிறையத் தேவை. ஒன்பதாவது பத்தி: கடந்த காலத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மைனஸில் இருந்திருக்கிறது. மூன்றும் தனித்தனி ரிஸ்க் மாதிரி தெரியும். ஆனால் அப்பளம் விற்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டவுனில் ஒரே அண்ணாச்சி கடைதான் உங்கள் சரக்கில் முக்கால்வாசியை எடுக்கிறது, காசு நாலு மாதம் கழித்துத்தான் வருகிறது என்றால், உளுந்து வாங்க என்ன செய்வீர்கள்? கடன் வாங்குவீர்கள். நோட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் இருக்காது. மூன்று பத்தியும் சொல்வது இந்த ஒரே நோயைத்தான்.

இது உண்மையா என்று பின்னால் இருக்கும் நிதி அறிக்கையில் பாருங்கள். போன வருடம் விற்பனை 240 கோடி, வரவேண்டிய பாக்கி 66 கோடி. இந்த வருடம் விற்பனை 300 கோடி, பாக்கி 110 கோடி. பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். போன வருடம் 100 நாள், இந்த வருடம் 134 நாள். விற்பனை கால் பங்குதான் கூடியிருக்கிறது, பாக்கியோ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. லாபம் 24 கோடி என்று காட்டியிருப்பார்கள், தொழிலில் வந்த ரொக்கம் மைனஸ் 9 கோடியாக இருக்கும். ஐபிஓவுக்கு முந்தைய வருடத்தில் இப்படி இருந்தால், விற்பனையைக் கூட்டிக் காட்ட தவணையை நீட்டிச் சரக்கைத் தள்ளினார்களோ என்று நான் சந்தேகப்படுவேன். நிரூபணம் இல்லை, சந்தேகம்தான்.

ஒரு எச்சரிக்கை. கடைசிக் கணக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால் 365க்குப் பதில் 183ஆல் பெருக்குங்கள். இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அப்புறம், ரொக்கம் மைனஸ் என்பதே குற்றம் இல்லை. விற்பனை வளர்ந்த வேகத்திலேயே பாக்கியும் வளர்ந்திருந்தால் அது வளரும் தொழிலின் இயல்பு. கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவர்கள் கொடுக்கும் கடனே தொழில் செலவாக மைனஸில் வரும்.

அடுத்து, திரட்டும் பணம் எங்கே போகிறது என்ற பக்கம். 200 கோடி வெளியீட்டில் 140 கோடி ஆஃபர் ஃபார் சேல் என்றால் அது பழைய பங்குதாரர்களின் பைக்குப் போகிறது. மிச்சம் 60 கோடியில் பாதி நடைமுறை மூலதனத்துக்கு என்று எழுதியிருந்தால், அந்த வாடிக்கையாளர் காசு தராத ஓட்டையை உங்கள் பணத்தால் அடைக்கிறார்கள்.

இப்படி இருந்தால் நான் விண்ணப்பிக்க மாட்டேன். பட்டியலாகும் முன்பே வெளியில் நடக்கும் கிரே மார்க்கெட்டில் எவ்வளவு பிரீமியம் ஓடுகிறது என்று அண்ணன் மகன் சொன்னாலும் சரி. பட்டியலான பிறகு செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு சொத்து, பொறுப்புக் கணக்கும் வெளிவரும். அதில் 134 நாள் 110க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அப்போது சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம், விலை கொஞ்சம் கூடியிருந்தாலும்.