விடைக்குறிப்பில் பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ் வரிசைகள் இடம் மாறியிருந்தால் கண்டறிவது எப்படி?

கேள்வி: 1-2, 1-3, 2-4, 2-5, 3-6, 5-6 என்ற விளிம்புகள் கொண்ட கிராஃபில், 1-இல் தொடங்கினால் பிஎஃப்எஸ் 1, 2, 4, 5, 6, 3 என்றும் டிஎஃப்எஸ் 1, 2, 3, 4, 5, 6 என்றும் விடை தந்திருக்கிறார்கள். இது சரியா?

இரண்டு பெயர்களும் இடம் மாறியுள்ளன. க்யூவைக் கொண்டு இயங்கும் பிஎஃப்எஸ் தொடக்கக் கணுவுக்கு அருகிலுள்ளவற்றை முடித்த பிறகே தொலைவில் உள்ளவற்றைத் தொடும். எனவே வரிசையில் தொலைவு ஒருபோதும் குறையாது. பிஎஃப்எஸ் என்று தரப்பட்ட வரிசையில் தொலைவுகளை எழுதினால் 0, 1, 2, 2, 2, 1 என வருகிறது. கடைசியில் வரும் அந்த 1 ஒன்றே அதை நிராகரிக்கப் போதுமானது.

டிஎஃப்எஸ் வரிசைக்குச் சோதனை வேறு. ஒரு கணுவுக்குப் பார்க்கப்படாத அண்டை இருக்கும்வரை தேடல் அதைவிட்டுப் பின்வாங்காது. இங்கே 2-க்கு 4, 5 ஆகிய இரண்டும் மிச்சமிருக்க, அதனோடு இணைப்பே இல்லாத 3-க்குத் தாவியிருக்கிறார்கள். அண்டைகளை எந்த ஒழுங்கில் எடுத்தாலும் இது நிகழ இயலாது. சிறிய எண்ணை முதலில் எடுப்பதுதான் வழக்கம் என்பதால், வேறு ஒழுங்கில் வந்த சரியான விடையையும் பலர் அவசரப்பட்டுத் தவறென்று அடித்துவிடுகிறார்கள். மேற்சொன்ன இரு சோதனைகளில் அந்தச் சிக்கல் எழாது.

ஒற்றைச் சங்கிலியாக அமைந்த கிராஃபில் ஒரு முனையிலிருந்து தொடங்கினாலோ, எல்லாக் கணுக்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தாலோ இரு தேடல்களும் ஒரே வரிசையைத் தரும். அங்கே பெயர் மாறியிருந்தாலும் விடையை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.