திகதி விதியை ரீலின்ர முன்னுக்கு வையுங்கோ

"பிறந்தநாள் சோடனைக்கு 30 செக்கன் ரீல் போடுறன். பாக்கினம், ஆனா முதல் நாள் இரவுதான் புக் பண்ணக் கேக்கினம்."

தங்கச்சி, திகதிக் கதையைக் கடைசியில வைக்காதேங்கோ, அதுக்குள்ள தள்ளிவிட்டிடுவினம். முதல் 3 செக்கன் வெறும் சுவர். பிறகு அதே சுவரில காட்டு மிருகத் தீம். குரல்: "இதுக்கு 10 நாளுக்கு முன்னம் சொல்லுங்கோ, பிள்ளையின்ர பெயர்ப் பலகை வெட்டவேணும்." காரணம் கேட்டால்தான் வேலைக்குப் போற அம்மா அண்டைக்கே போன் எடுப்பா.

பிறகு பலூன் வளைவு, பின்திரை, கேக் மேசை எண்டு கமரா மெதுவா நகரட்டும். "கேக் சேராது" எண்டதை எழுத்திலயும் போடுங்கோ. எனக்குச் சண்டை வந்ததெல்லாம் அதிலதான். முடிவில: "பாதிக் காசு கட்டினால்தான் திகதி உங்களுக்கு. பிறந்தநாளுக்கு முந்தின 5 நாளுக்குள்ள நிப்பாட்டினால் அந்தக் காசு திரும்பாது." எழுத்தைத் திரையின்ர அடியில போடாதேங்கோ, கப்ஷன் மறைச்சிடும்.