இனி கேள்வி கேட்க நான் வரமாட்டேன்

பிள்ளைகளே, உங்கள் நாற்காலியில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். அதை மடித்து விசிறியாக்கிவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது. பெற்றோர் நாற்காலிகளிலும் வைத்திருக்கிறேன்.

பிரிவுபசார விழாவில் ஆசிரியர் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். அதை மற்றவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் ஒரே ஒரு விஷயம் சொல்லப்போகிறேன். இத்தனை ஆண்டுகள் நீங்கள் படித்ததில் பாதியை நான் உங்களுக்காகச் செய்தேன். திடீர்த் தேர்வு, எழுந்து நின்று பதில் சொல்வது, நேற்று நடத்தியதை இன்று கேட்பது என்று நீங்கள் வெறுத்ததெல்லாம்தான் அந்தப் பாதி. கல்லூரியில் அது இருக்காது. பல பாடங்களில் முதல் தேர்வு வரும்வரை யாருமே ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இதே அரங்கிலிருந்து போனாள். கணக்கில் கெட்டிக்காரி. முதல் பருவம் முடிந்ததும் நோட்டோடு என்னைத் தேடி வந்தாள். நுண்கணிதத்தில் தோல்வி. நோட்டைப் புரட்டினேன், மூன்று நிறங்களில் அடிக்கோடு, ஒரு வரி விடுபடவில்லை. "எல்லாம் புரிந்தது சார், தேர்வில் எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை" என்றாள். பலகையில் இந்த இரண்டையும் எழுதினேன்:

∫ x eˣ dx
∫ x e^(x²) dx

பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். முதலாவதைப் பகுதித் தொகையிடலால் போட வேண்டும். இரண்டாவதில் x² என்பதை u என்று பிரதியிட்டால் இரண்டு வரியில் முடியும். அவள் இரண்டாவதற்கும் பகுதித் தொகையிடலையே தொடங்கி, அரைப்பக்கம் எழுதி, நின்றுவிட்டாள். காரணம் எளிது. புத்தகத்தில் ஒவ்வொரு கணக்கும் அதன் முறையின் தலைப்புக்குக் கீழே இருக்கிறது. எந்த முறை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. அவள் விடையைப் படித்துத் தலையாட்டியிருந்தாள், முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு நாளும் பழகவில்லை.

புரிந்த மாதிரி தோன்றுவதும் நினைவிலிருந்து எடுக்க முடிவதும் வேறு வேறு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை ஒரு முறை படித்த பிறகு, சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள், 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் 56, படித்தவர்கள் 42. அந்த முதல் ஐந்து நிமிடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு புத்தகத்தை மூடும்போது வரும் தைரியம் அதுதான்.

அந்த மாணவியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வகுப்பு முடிந்த அன்று மாலை, நோட்டைத் திறக்காமல், ஒரு வெள்ளைத்தாளில் அன்று நடந்ததைப் பத்து நிமிடம் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். நாளைக்கும், அடுத்த வாரமும் சிவப்பில் இருப்பதை மட்டும் உங்களையே கேளுங்கள். கணக்கென்றால் மூன்று தலைப்புகளிலிருந்து கணக்குகளை எடுத்துத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துவிட்டுப் போடுங்கள். முதலில் மோசமாகத்தான் வரும். இரண்டாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். விடையை எட்டிப்பார்க்கக் கை நீளும். ஐந்து நிமிடமாவது பொறுங்கள்.

வகுப்பிலேயே புரியாத பாடத்துக்கு இது உதவாது. அதற்கு ஆசிரியரிடம்தான் போக வேண்டும். போகும்போது "ஒன்றும் புரியவில்லை" என்று போகாதீர்கள். நீங்கள் போட்ட அரைகுறைக் கணக்கைக் கொண்டுபோய், "இந்த வரிவரை வந்தேன், அடுத்தது ஏன் என்று தெரியவில்லை" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். முதல் மாதத்திலேயே போங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் அறை வாசலில் வரிசை நிற்கும்.

பெற்றோருக்கும் ஒன்று. "படித்தாயா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. "இன்றைக்கு என்ன நடத்தினார்கள், எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்பது முக்கியமில்லை. சொல்லிக்கொண்டே வரும் பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ, அந்த இடம் அதற்கே தெரிந்துவிடும்.

அந்த மாணவி மறுதேர்வில் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. அடுத்த பருவத்தில் நிற அடிக்கோடுகள் குறைந்திருந்தன, அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, தாளை எடுங்கள். இப்போது நான் பேசியதில் நினைவிருப்பதை எழுதுங்கள். பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. கடைசி வரிசை, உங்களைத்தான் சொல்கிறேன். பலகையை அழித்துவிடுகிறேன். பத்து நிமிடம்.