பம்பு செட்டுக்கு வைஃபை ரிலேவா, ஜிஎஸ்எம் கண்ட்ரோலரா? கேள்வி பதில்

கே: தோட்டத்துல பிராட்பேண்ட் கிடையாது. எதை வாங்கலாம்?

ஜிஎஸ்எம். அந்தப் பெட்டியிலேயே சிம் போட்டுக்கொள்ளலாம். வைஃபை ரிலே வாங்கினால் சிம் போட்ட ரவுட்டரும் கூடவே வேண்டும்; ஆக இரண்டும் நம்பியிருப்பது அதே டவரைத்தான். கரண்ட் போனால் ரவுட்டரும் ரிலேயும் சேர்ந்தே அணையும். ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று மட்டும் வரும். போனது கரண்டா டவரா என்று தெரியாது. பேட்டரி உள்ள ஜிஎஸ்எம் பெட்டி என்றால் கரண்ட் போனதையும் வந்ததையும் எஸ்எம்எஸ்ஸில் சொல்லிவிடும். ஆனால் உங்கள் சிம்முக்கு அங்கே 4ஜி மட்டும்தான் என்றால், 2ஜி பெட்டி வேலைக்கே ஆகாது.

கே: நெட்டே இல்லாம என் வைஃபை ரிலே ஓடுதே?

சில மாடல்கள் ஓடும், அதன் வைஃபை எட்டும் தூரம் வரைக்கும். வீட்டிலிருந்து போட முடியாது.

கே: என் 5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் 8 ஆம்பியர்தான் இழுக்குது. 16 ஆம்பியர் ரிலேயில நேரா கொடுக்கலாமா?

கூடவே கூடாது. நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு, அதாவது 48 ஆம்பியர் வரை இழுக்கும். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டும்தான். அந்தக் காயில் 415 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்து, அதைத் தாங்கும் ரிலேயாகப் போடுங்கள்.

கே: பச்சை பட்டனுக்கு பேரலலா ரிலேயைப் போட்டு ஆன்லயே விட்டிருக்கேன். கரண்ட் வந்ததும் தானா ஓடுது. வசதிதானே?

உடனே மாற்றுங்கள். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும், மறுபடி யாராவது அழுத்தினால்தான் ஓடும். அந்தப் பாதுகாப்பை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்கள்: மோட்டார் நிற்கும், விரலை எடுத்ததும் மறுபடி கிளம்பும். நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் கப்ளிங்கில் கை வைத்தால்?

ரிலே இரண்டு விநாடி மட்டும் மூடி, பிறகு தானே திறக்கும்படி, ‘இன்ச்சிங்’ முறையில் வையுங்கள். நிறுத்துவதற்குத் தனியாக இன்னொரு ரிலே, சிவப்பு பட்டனுக்கு சீரிஸில். ஆக இரண்டு சேனல் வேண்டும்.

கே: மேலே கேட்டவன்தான். கரண்ட் எப்ப வரும்னே தெரியாது. தானா ஓடலைன்னா பயிர் காயுமே?

நியாயமான கவலை. அதற்கு ஜிஎஸ்எம் கண்ட்ரோலரிலேயே ஆட்டோ முறை இருக்கும். மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் ஸ்டார்ட் கொடுக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் கட்ஆஃப் உள்ளதாக வாங்குங்கள். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயின் ரீசெட்டை மேனுவலிலேயே விடுங்கள். இல்லையென்றால் சிக்கிய மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கிளப்பி மோட்டாரின் காயிலே எரியும்.

கே: ஆட்டோவுல போட்டா ஆள் கை வைக்கும்போது ஓடாதா? அதே ஆபத்துதானே?

ஆமாம், அது மிச்சமிருக்கிறது. கை வைக்குமுன் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். ஆட்டோவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம்.

கே: 30 ஆம்பியர் ரிலேன்னா நேரா கொடுக்கலாம்ல?

கூடாது. ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் வழியாக மட்டும். மேலே 16 ஆம்பியர் கேள்விக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே: இரும்புப் பெட்டிக்குள்ள சிக்னலே வரலை.

ஆன்டெனாவை ஒயரோடு வெளியே எடுத்து வையுங்கள்.