பழைய நம்பரை விடுவதற்கு முன்: வாசகர் கேள்விகள்

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் தானாகச் செத்துவிடும்தானே? அப்புறம் எதற்குக் கணக்குகளை நீக்க வேண்டும்?

சாவது உண்மை, மறுபடி பிறப்பதும் உண்மை. பிரீபெய்டு சிம்மில் 90 நாள் கால், எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லாமல், பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழே போய்விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். மீட்டெடுக்க 15 நாள் அவகாசம் உண்டு. துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது இன்னொரு விதி. இந்த இரண்டு தொண்ணூறையும் ஒன்றாக நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். இரண்டாவது தொண்ணூறும் முடிந்தால் அதே நம்பர் கடையில் புது சிம்மாக விற்பனைக்கு வரலாம். வாங்குபவர் செய்வது சட்டப்படி சரியானது. உங்கள் ஓடிபி அவருக்குப் போவதுதான் சிக்கல். 2023 நவம்பரில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய நம்பரின் வாட்ஸ்அப் கணக்கை நீக்கித் தன் தகவலைக் காத்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்றே நீதிமன்றம் சொன்னது.

வாட்ஸ்அப்பில் Delete account கொடுக்கவா, Change number கொடுக்கவா?

புது நம்பர் கையில் இருந்தால் Change number. Settings, Account வழியாகப் போய், பழைய நம்பரையும் புது நம்பரையும் தட்டச்சு செய்யுங்கள். சரிபார்ப்பு எண் புது நம்பருக்கு வரும் என்பதால் அந்த சிம் வேலை செய்ய வேண்டும். அதே போனில் இருந்தால் சாட், குரூப் எல்லாம் அப்படியே வரும். பழைய நம்பரில் இருந்த கணக்கும் நீங்கிவிடும். Delete account கொடுத்தால் குரூப்களிலிருந்து வெளியேறிவிடுவீர்கள், சாட்டும் திரும்பாது.

யாருக்குத் தகவல் போக வேண்டும் என்ற கேள்வி நடுவில் வரும். குரூப்களுக்குத் தானாகவே போகும், தனி ஆட்களுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தால்தான் போகும். தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் சித்தப்பா ஆறு மாதம் கழித்து வீட்டு விஷயத்தையெல்லாம் பழைய நம்பருக்கு எழுதுவார், படிப்பவர் வேறு ஆளாக இருப்பார்.

டெலிகிராமை மறக்காதீர்கள். அங்கே சாட் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது. இரண்டாம் கட்டக் கடவுச்சொல் வைக்காத கணக்கில், எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை வைத்தே புது ஆள் நுழைந்துவிட்டால் பழைய உரையாடலும் திறந்துவிடும்.

பத்து வருட நம்பர். எங்கெல்லாம் கொடுத்தேன் என்றே நினைவில்லை.

மெசேஜ் பெட்டியில் OTP என்று தேடுங்கள். அனுப்பிய நிறுவனங்களின் பெயரை ஒரு தாளில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. மீதி தானே வரும்: பழைய சிம்மை இன்னும் ஒரு மாதம் உயிரோடு வைத்து, வருகிற ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் விட்டுப்போன கணக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரியவற்றை முதலில் முடியுங்கள். வங்கியில் சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, டீமேட் மூன்றும் தனித்தனிப் பதிவாக இருக்கலாம். ஒன்றை மாற்றினால் மற்றது மாறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆதாருக்கு சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும், பழைய நம்பருக்கு ஓடிபி தேவையில்லை. கூகுளில் மீட்பு நம்பர் ஒரு பக்கம், இரு கட்டச் சரிபார்ப்பு நம்பர் இன்னொரு பக்கம், இரண்டிலும் எடுங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்கே எண் அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கக்கூடும், அதனால் அந்த வாரம் சிம்மை விடாதீர்கள்.

பல சாப்பாடு, டாக்சி ஆப்களில் நம்பர்தான் சாவி; கடவுச்சொல்லே கிடையாது. உள்ளே உங்கள் வீட்டு முகவரி இருக்கும். நம்பரை மாற்றுங்கள், அல்லது கணக்கையே நீக்குங்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது நீக்குவதாகாது. சோதிக்க, பழைய நம்பரைக் கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். பெயர் கேட்டுப் புதுக் கணக்கு தொடங்கச் சொன்னால் வேலை முடிந்தது. அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.

சிம்மை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. வங்கியில் இன்னும் பழைய நம்பர்தான். பணம் போய்விடுமா?

நம்பரை வாங்கியவர் யூபிஐ ஆப்பில் பதிந்தால், அந்த நம்பரோடு இணைந்த வங்கிக் கணக்கு அவருக்குத் தெரியக்கூடும். ஆனால் யூபிஐ பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதித் தேதியும், அல்லது ஆதார் ஓடிபியும் வேண்டும். பழைய நம்பரே ஆதாரிலும் இருந்தால் அந்த இரண்டாவது பூட்டு பலவீனமாகிவிடும். ஆகவே இன்றே கிளைக்குப் பாஸ்புக், அடையாள அட்டையோடு போய் நம்பரை மாற்றுங்கள், அடுத்து ஆதார். துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலை வைத்து வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025-ல் வங்கிகளுக்கும் யூபிஐ ஆப்களுக்கும் உத்தரவானது. அது யூபிஐ பதிவைத்தான் கவனிக்கும். உங்கள் மின்னஞ்சலையோ டெலிகிராமையோ அல்ல.

புது சிம் வாங்கினேன். யாரோ ஒருவரின் வங்கி மெசேஜ் வருகிறது.

அந்த மெசேஜில் வரும் ஓடிபி எண்களை எங்கும் போடாதீர்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, இந்த நம்பர் இப்போது என்னுடையது, பதிவிலிருந்து எடுங்கள் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் முந்தையவரின் படம் இருக்குமோ என்ற பயம் வேண்டாம்: 45 நாள் பயன்படாமல் இருந்த கணக்கை வேறு போனில் திறந்தால், பழைய படமும் அறிமுக வரியும் அழிந்துவிடும்.