புனிதர் படம் பார்த்த பிறகு பையன் தூங்கவில்லை

கேள்வி: டாக்டர், நான் மறைக்கல்வி டீச்சர். ஜனவரி 14-ஆம் தேதி புனித தேவசகாயம் திருநாளுக்காக 22 நிமிட வீடியோ ஒன்றை எங்கள் இளைஞர்களே நடித்துத் தயாரித்தார்கள். அன்பியக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்த இரவில் அதைத் திரையில் போட்டோம். 'சில காட்சிகள் மனதைப் பாதிக்கலாம்' என்று தொடக்கத்தில் எழுத்தும் போட்டிருந்தோம். ஆனால் ஆறு வயதுப் பையன் ஒருவன் நான்கு நாளாக இரவில் அலறி எழுகிறான் என்று அவன் அம்மா சொல்கிறார். சரியாகிவிடுமா? அடுத்த வருடம் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

பதில்:

டீச்சர், முதலில் பையனைப் பார்ப்போம். அவன் எந்த நேரத்தில் அலறுகிறான் என்று அம்மாவிடம் கேளுங்கள். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து, கண் திறந்திருந்தும் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது தூக்கத் திகில். திருநாள் நேரத்தில் தொடர்ந்து தூக்கம் கெட்டாலே சில பிள்ளைகளுக்கு இது வரும். அப்போது அவனை உலுக்கி எழுப்பக் கூடாது. எங்கும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானே அடங்கித் தூங்கிவிடுவான். பின்னிரவில் முழுதாக விழித்து, "அந்த ஆளைக் கட்டி வச்சு அடிக்கிறாங்க" என்று அவனே சொன்னால் அது கெட்ட கனவு. படம் மனதில் பதிந்திருக்கிறது என்று பொருள்.

கெட்ட கனவு என்றால் அந்த நேரத்தில் பேச்சு அதிகம் வேண்டாம். மடியில் போட்டு, விளக்கைப் போட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் ஆறு வயதில் அதுதான் வேலை செய்யும். சில நாள் அம்மா பக்கத்திலேயே படுக்கட்டும், அதனால் பழக்கம் கெட்டுவிடாது. "பயம் தெளியட்டும்" என்று அதே வீடியோவைத் திரும்பக் காட்டுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

பகலில் செய்ய வேண்டிய ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது. சாதாரணப் பயப்படம் என்றால் "அது சும்மா கதைடா" என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. நடந்த உண்மை என்றுதான் நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு உள்ள சிக்கலே அதுதான். ஆனால் அவன் பார்த்த அடி உண்மை இல்லையே. தேவசகாயமாக நடித்த இளைஞரை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். முதுகைக் காட்டி, "இங்கே சிவப்புச் சாயம் பூசினாங்க, சாட்டை நூல்தான்" என்று அவரே சொல்லட்டும். முடிந்தால் பையன் கையில் அதே சாயத்தை ஒரு கோடு இழுத்துத் துடைத்தும் காட்டட்டும். வாய்வார்த்தையாக நூறு தடவை சொல்வதைவிட இது பலன் தரும்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இது தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தாலோ, அதற்கு முன்பே பள்ளிக்குப் போக மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்கினாலோ, விளையாட்டில் கட்டி வைத்து அடிக்கும் காட்சியையே திரும்பத் திரும்ப நடித்தாலோ குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

சரி, இப்போது அந்த எச்சரிக்கை எழுத்துக்கு வருகிறேன். நல்ல மனதோடுதான் போட்டீர்கள். ஆனால் அன்று அது யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு வயதுப் பையன் அதைப் படித்திருக்க மாட்டான். அவன் அம்மா வரிசை நடுவில், மடியில் இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். விளக்கை அணைத்த பிறகு, இத்தனை பேர் முன்னால், ஒரு புனிதரின் படத்தின்போது எழுந்து போகும் துணிச்சல் எத்தனை அம்மாக்களுக்கு வரும்? 'மனதைப் பாதிக்கலாம்' என்ற வரி எதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. இப்படிப் பொதுவான எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் பார்க்கும் பெரியவர்களுக்கும் மனக்கலக்கம் குறைவதில்லை, படம் தொடங்கும் முன்பே ஒரு படபடப்புத்தான் கூடுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கோ அது ஆசை காட்டுவது மாதிரி ஆகிவிடும்.

எச்சரிக்கை திரையில் வருவதற்குப் பதில் முந்தின ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் வரவேண்டும், பெற்றோரைப் பார்த்துச் சொல்வதாக. இப்படி இருக்கலாம்: "படம் 22 நிமிடம். 9-ஆம் நிமிடத்திலிருந்து 12 வரை சாட்டையடி, காயத்தில் மிளகுத்தூள் தேய்ப்பது, சத்தத்தோடு வரும். 19-ஆம் நிமிடத்தில் துப்பாக்கிச் சூடு. எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் பக்கத்து அறையில் வேறு நிகழ்ச்சி உண்டு." நிமிடங்களை நானாக ஊகித்துப் போட்டிருக்கிறேன், உங்கள் படத்தில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன வரும், எப்போது வரும், பிள்ளையை எங்கே விடலாம் என்ற மூன்றும் இருந்தால் ஒரு தாய் வீட்டிலிருந்தே முடிவெடுத்துவிட்டு வருவார். பக்கத்து அறை உண்மையிலேயே இருக்க வேண்டும். அங்கே இரண்டு பெரியவர்களும் இருக்க வேண்டும். "வெளியே போய் விளையாடு" என்று அனுப்பினால் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள்.

அறிவிப்பில் 'சத்தத்தோடு' என்ற சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பயந்த பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், அம்மாவும் கையால் மறைப்பார். காதை யாரும் மூடுவதில்லை. என்னிடம் வரும் சிறு பிள்ளைகள் பலர் பார்த்ததைவிடக் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்: சாட்டையின் விளாசல், ஓர் ஆண் வாய்விட்டு அழும் குரல். எனவே வீடியோவை எடிட் செய்யும் பிள்ளைகளை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் முழுதாகக் கேட்கட்டும். தாங்க முடியாத இடம் எது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிட்டு, கதை சொல்பவரின் குரலை மட்டும் வைத்தாலே பாதி வேகம் குறையும்.

வயது பற்றிக் கேட்டீர்கள். 2024-இல் வந்த திரைப்படத் தணிக்கை விதிகளில் 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தார்கள். நீங்கள் யோசிப்பதற்கும் ஏறக்குறைய அந்தக் கோடுகள் போதும். ஏழு வயதுக்குக் கீழே கண்ணுக்குப் படுவதுதான் எல்லாம். இரத்தம், கோரமான முகம், கட்டிய கைகள் இவைதான் பதியும். 1752-இல் நடந்தது என்ற விளக்கம் அவனுக்கு ஒட்டாது, '1752' அவனுக்கு நேற்று மாதிரிதான். இந்த வயதுக்குக் காட்ட இதே வரலாற்றில் நல்ல பகுதிகள் இருக்கின்றன. நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனை வேலை, டச்சுத் தளபதி டி லனாய் சொன்ன யோபுவின் கதை, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. அப்புறம் புலியூர்க்குறிச்சியில் தாகத்தோடு முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான்பாறை. அந்தப் பாறையில் கதையை நிறுத்தி, "பிறகு அவர் இயேசுவுக்காக உயிர் கொடுத்தார்" என்று ஒரு வரியில் முடித்தால் சிறு பிள்ளைக்குப் பொய் சொன்னதாக ஆகாது.

ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பயத்தின் தன்மை வேறு. இரத்தத்தைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். "இது எனக்கும் நடக்குமா?" என்பதுதான் உள்ளே ஓடும். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி இதே மாதிரி ஒரு படம் பார்த்தபின், பல வருடமாகத் தங்களோடு பண்டிகைப் பலகாரம் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு ஒளிந்தாள். அவர் வேறு மதம், அதனால் அடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சாட்டை பிடித்தவரின் நெற்றியில் இருந்த திருநீறு போதுமானதாக இருந்தது. உங்கள் கூட்டத்தில் கலப்புத் திருமணக் குடும்பங்களும், வேறு மத உறவினர்களும் இருப்பார்கள். தண்டித்தது அக்கால அரசு, இன்றைய அண்டை வீட்டார் அல்லர் என்பதைப் படத்துக்குள்ளேயே ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். படம் முடிந்தபின் பேச்சில் சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் பிள்ளைகள் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிவிடுவார்கள்.

பதிமூன்றுக்கு மேல் கசையடிக் காட்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் தாங்குவார்கள். இந்த வயதுக்கு எனக்குக் கவலை வேறொன்று. படம் முடிந்ததும் நடத்துபவர் ஒலிபெருக்கியில், "நீங்களாக இருந்தால் விசுவாசத்தை மறுதலிப்பீர்களா?" என்று கேட்பது வழக்கம். பயந்த சுபாவமுள்ள பிள்ளை மனதுக்குள், "ஆமாம், மறுதலித்துவிடுவேன்" என்று உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளும். அப்புறம் அதைப் பெரும் பாவமாகச் சுமக்கும். சில பிள்ளைகள் இதற்காக மணிக்கணக்கில் மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கத் தொடங்கி, அது விடாத பழக்கமாகி என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம் என்று உங்கள் பங்குத்தந்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பெரியவர்களிலும் சிலரை நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அடிபட்ட பெண், காவலில் வதைபட்டவர், இலங்கைப் போரைக் கண்டு முகாமில் வாழ்பவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்து போகும்படி ஓர வரிசையைக் காலியாக வையுங்கள், பின்கதவில் சின்ன விளக்கு எரியட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வீடியோவை யூடியூபில் ஏற்றப்போகிறீர்கள் என்றால், புனிதர் கதைதானே என்று 'குழந்தைகளுக்கானது' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது பிள்ளைகளின் தகவலையும் விளம்பரத்தையும் பற்றிய சட்டத்துக்காக வந்த ஏற்பாடு. வன்முறை இல்லை என்ற சான்று இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் கருத்துப் பகுதி மூடிக்கொள்ளும், சிறு பிள்ளைகள் கண்ணில் படும் வாய்ப்பும் கூடும். 18 வயதுக் கட்டுப்பாடு போட்டால் உங்கள் மறைக்கல்வி மாணவர்களே பார்க்க முடியாது. இரண்டுமே வேண்டாம். பாறைக் காட்சியோடு முடியும் சிறு பதிப்பைத் தனியாக ஏற்றுங்கள். முழுப் படத்தின் தலைப்பிலேயே '13 வயதுக்கு மேல், பெற்றோரோடு' என்று எழுதி, அடிக்கும் காட்சி வரும் நிமிடத்தைக் குறிப்பில் போடுங்கள். முகப்புப் படத்தில் இரத்தம் படிந்த முதுகு வேண்டாம். அவர் சுடப்பட்ட கட்டாடிமலையின் படம் உங்களிடம் இருந்தால் அதைப் போடலாம்.

சாயம் பூசிய அந்த இளைஞரை இந்த வாரமே அனுப்பிவையுங்கள். பத்து நாள் கழித்துப் பையன் எப்படித் தூங்குகிறான் என்று எழுதுங்கள்.